பழைய வினாத்தாள் தேடும்போது வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்வதும்

கூடலூரில் பிரவுசிங், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். டிசம்பர் பிறந்துவிட்டால் பந்தலூர், தேவாலா, சேரம்பாடி, ஓவேலிப் பக்கத்துப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். "அண்ணா, பழைய பப்ளிக் கொஸ்டின் பேப்பர் எடுத்துத் தாங்க. எவ்வளவு தேடியும் வர மாட்டேங்குது" என்பார்கள். போனை வாங்கி என்ன தட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் தாள் இணையத்தில் இருக்கும். தட்டிய சொல்தான் அதை எட்டியிருக்காது. தேடுபொறி நம் தேவையைத் தேடுவதில்லை, நாம் தட்டிய சொற்களைத்தான் தேடுகிறது. தாளை ஏற்றியவர் கோப்புக்கு என்ன பெயர் வைத்தார், அந்தப் பக்கத்தில் என்ன எழுதினார் என்று ஊகித்துத் தட்டினால் பாதி வேலை முடிந்துவிடும்.

இங்கே தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் பிளஸ் டூ வேதியியல் பாடத்தை வைத்தே எல்லாவற்றையும் சொல்கிறேன். மற்ற பாடங்களுக்குப் பாடப் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

கேரளா தாளும் சி.பி.எஸ்.இ. தாளும்தான் வருகிறது

நம் எல்லைப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதிகம் வரும் சிக்கல் இது. "பிளஸ் டூ கெமிஸ்ட்ரி கொஸ்டின் பேப்பர்" என்று ஆங்கிலத்தில் தட்டினால் கேரளா தாள்கள் வந்து குவியும். அங்கேயும் பன்னிரண்டாம் வகுப்பைப் பிளஸ் டூ என்றுதான் சொல்கிறார்கள். தேர்வின் சுருக்கப் பெயரான `HSE` என்பதும் இரண்டு மாநிலத்துக்கும் பொது. போதாக்குறைக்கு, சேரம்பாடி போன்ற இடங்களில் போன் சில நேரம் கேரளா டவரைப் பிடித்துக்கொள்ளும். அப்போது இருப்பிடத்தைப் பார்த்துத் தேடுபொறி அந்தப் பக்கத்து முடிவுகளை முன்னே தள்ளவும் வாய்ப்பு உண்டு.

இதற்கு மாநிலத்தின் பெயரைச் சேர்க்க வேண்டும். கூடவே `plus two`, `+2` இரண்டையும் விட்டுவிட வேண்டும். `+2` என்று தட்டினால் கூட்டல் குறிக்குப் பெரிதாக மதிப்பிருக்காது. வெறும் 2 தான் மிஞ்சும், அதை வைத்து எதையும் தேட முடியாது. நம் ஆசிரியர்கள் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது `12th` என்றுதான் எழுதுவார்கள், சிலர் `XII` என்று எழுதுவார்கள். இரண்டையும் சேர்த்து இப்படித் தட்டலாம்:

```
tamilnadu (12th OR XII) chemistry public exam question paper filetype:pdf
```

கடைசியில் உள்ள `filetype:pdf` பி.டி.எஃப். கோப்புகளை மட்டும் காட்டச் சொல்லும் கட்டளை. `OR` பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சின்ன எழுத்தில் தட்டினால் அது சாதாரணச் சொல்லாகிவிடும். அப்படியும் சி.பி.எஸ்.இ. தாள் நடுவில் வந்தால் கடைசியில் `-cbse` என்று சேருங்கள். கழித்தல் குறிக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி கூடாது, குறிக்கு முன்னால் கட்டாயம் இடைவெளி வேண்டும்.

தாளைத் திறந்ததும் அது எந்த வாரியத்துடையது என்று தலைப்பிலேயே தெரியும். சி.பி.எஸ்.இ. வேதியியல் தாளில் 56 என்று தொடங்கும் குறியீட்டு எண் இருக்கும். நம் அரசுத் தேர்வுத் தாளில் பதிவு எண் எழுதும் கட்டங்களும், பகுதி III என்பதும், பாடப் பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும்.

ஆண்டு சரிதான், ஆனால் பொதுத்தேர்வுத் தாள் இல்லை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சேரம்பாடியிலிருந்து வந்த ஒரு மாணவிக்கு 2022 பொதுத்தேர்வு வேதியியல் தாள் வேண்டும். அவள் தட்டியது இது:

```
12th chemistry question paper march 2022
```

வந்தவை எல்லாம் திருப்புதல் தேர்வுத் தாள்கள். அவற்றில் ஒன்றைப் பொதுத்தேர்வுத் தாள் என்று நம்பி இரண்டு பக்கம் விடையும் எழுதிவிட்டாள். பொதுத்தேர்வு மார்ச்சில்தான் நடக்கும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். ஆனால் 2022-இல் கொரோனாவால் கால அட்டவணை தள்ளிப்போய், பிளஸ் டூ பொதுத்தேர்வு மே மாதம்தான் நடந்தது. பிப்ரவரியிலும் மார்ச் கடைசியிலும் நடந்தவை திருப்புதல் தேர்வுகள். அதனால் `march 2022` என்று தட்டினால் திருப்புதல் தாள் வருவதில் ஆச்சரியமே இல்லை. கேட்ட மாதத்துத் தாளைத்தான் தேடுபொறி காட்டியிருக்கிறது.

மாதத்தை மாற்றி, மேற்கோள் குறிக்குள் போட்டோம்:

```
tamilnadu 12th chemistry "may 2022" public exam question paper filetype:pdf
```

மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொற்கள் அதே வரிசையில், அடுத்தடுத்து இருக்கும் பக்கங்கள் மட்டும்தான் வரும். அதனால் முடிவுகள் சட்டென்று குறைந்தன. குறைந்தது நல்லதுதான். ஆனால் ஒரு குறை உண்டு. சிலர் மாதத்தையே எழுதாமல் `public 2022` என்று மட்டும் கோப்புக்குப் பெயர் வைத்திருப்பார்கள், அவை இதில் விழாது. அதற்காக மேற்கோளை எடுத்துவிட்டு, வேண்டாதவற்றைக் கழித்து இன்னொரு தேடல் போட்டோம்:

```
tamilnadu 12th chemistry public exam 2022 question paper -revision -quarterly -"half yearly" -model
```

காலாண்டு, அரையாண்டு, திருப்புதல், மாதிரி ஆகிய நான்கும் இதில் கழிந்துவிடும். நம் பக்கத்து வினாத்தாள் தளங்களில் அதிகம் குவிந்திருப்பவை இந்த நான்கும்தான். ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனியாகத் திருப்புதல் தாள் எடுத்த ஆண்டுகளில், ஒரே பாடத்துக்கு ஏராளமான தாள்கள் சுற்றிக்கொண்டிருக்கும். பொதுத்தேர்வுத் தாளோ ஒன்றுதான். அந்தக் குவியலுக்குள் அது புதைந்துபோகும்.

கழித்தலை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். கழிக்கும் சொல் அந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருந்தாலும் அந்தப் பக்கமே போய்விடும். உங்களுக்கு வேண்டிய தாள் இருக்கும் பக்கத்தின் ஓரத்தில் "ரிவிஷன் டெஸ்ட்" என்று ஓர் இணைப்பு இருந்தால் போதும், அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஒன்றுமே வரவில்லை என்றால் கழித்த சொற்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பாருங்கள். எதை எடுத்ததும் முடிவுகள் திரும்ப வருகின்றனவோ, தடையாக இருந்தது அதுதான்.

மாணவிக்கு இரண்டாவது தேடலில் தாள் கிடைத்தது. அதை உறுதி செய்யத் தாளின் முதல் பக்கத்தைப் பார்த்தோம். நேரம் மூன்று மணி, மொத்த மதிப்பெண் 70. பதினைந்து ஒரு மதிப்பெண் வினாக்கள். பிறகு இரண்டு மதிப்பெண்ணில் ஒன்பது கொடுத்து ஆறு எழுதச் சொல்லி, 24-ஆம் வினா கட்டாயம் என்றிருந்தது. மூன்று மதிப்பெண்ணிலும் ஒன்பதுக்கு ஆறு, அங்கே 33 கட்டாயம். கடைசியில் ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து, ஒவ்வொன்றிலும் அல்லது கொடுத்து. இந்த அமைப்பைத் திருப்புதல் தாளும் அப்படியே பின்பற்றும், அதனால் அமைப்பை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. தாளின் மேலே திருப்புதல் என்றோ, மாவட்டப் பெயரோ, பள்ளிப் பெயரோ இருந்தால் அது பொதுத்தேர்வுத் தாள் இல்லை.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. அந்த ஆண்டுத் தாள் குறைக்கப்பட்ட பாடப்பகுதியிலிருந்து கேட்கப்பட்டது. அதை மட்டும் வைத்து "இந்தப் பாடத்திலிருந்து கேள்வியே வராது" என்று எந்தப் பிள்ளையும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. அதோடு 2020, 2023 தாள்களையும் சேர்த்து வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

குறிப்பிட்ட ஆண்டுக்கு எவ்வளவு தேடினாலும் ஒன்றும் வரவில்லை

ஆண்டு 2021 என்றால் தேடுவதை நிறுத்திவிடுங்கள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பிளஸ் டூ பொதுத்தேர்வு ரத்தாகிவிட்டது, தாளே கிடையாது. அந்த ஆண்டின் பெயரில் எது கிடைத்தாலும் அது மாதிரித் தாளாகவோ பள்ளித் தாளாகவோதான் இருக்கும். பத்தாம் வகுப்புக்கு 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலுமே பொதுத்தேர்வு நடக்கவில்லை. தம்பி தங்கைக்காகத் தேடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம்.

பத்தாம் வகுப்பு 2023 தாளை `march 2023` என்று தேடினாலும் ஏமாற்றம்தான். அது ஏப்ரலில் நடந்த தேர்வு. பிளஸ் டூ 2023 மார்ச்சில் தொடங்கியது, அங்கே பெரும்பாலான பாடங்களுக்கு `march 2023` சரி.

வேதியியல் படிப்பவர்களுக்கு 2020-இல் இரண்டு தாள்கள் உண்டு. அந்த ஆண்டு வேதியியல் தேர்வு மார்ச் 24 அன்று நடந்தது. ஊரடங்கு வந்த நேரம், பேருந்து இல்லாமல் நிறையப் பேர் தேர்வு மையத்துக்குப் போக முடியவில்லை. அவர்களுக்காக ஜூலையில் மறுபடியும் ஒரு தேர்வு வைத்தார்கள். கணக்குப் பதிவியல், புவியியல் பாடங்களுக்கும் இதே கதைதான். அதனால் `"march 2020"`, `"july 2020"` என்று இரண்டு முறை தேடுங்கள்.

துணைத் தேர்வுத் தாள்களைப் பிள்ளைகள் மறந்தே போகிறார்கள். பொதுத்தேர்வு முடிந்தபின் ஜூன், ஜூலையில் நடக்கும் அந்தத் தேர்வின் தாளும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் எடுத்ததுதான், அதே தரம், அதே அமைப்பு. `supplementary` என்ற சொல்லைப் பாடம், ஆண்டோடு சேர்த்தால் ஒரே ஆண்டுக்கு இரண்டாவது தாள் கையில் வரும். மாவட்டத் திருப்புதல் தாள் பத்து எடுப்பதைவிட துணைத் தேர்வுத் தாள் இரண்டு எடுப்பது மேல் என்பது என் கருத்து.

தாள் கிடைத்தது, ஆனால் கேள்விகள் புத்தகத்திலேயே இல்லை

தாளின் மேல் மொத்த மதிப்பெண் என்ன என்று பாருங்கள். வேதியியலுக்கு 150 என்றிருந்தால் அது 2018 அல்லது அதற்கு முந்தைய தாள். அப்போது ஒரு பாடத்துக்கு மொத்தம் 200 மதிப்பெண். எழுத்துத் தேர்வு 150, மீதி செய்முறைக்கு.

குழப்பம் வருவது 2019 தாளில்தான். அந்த ஆண்டு மதிப்பெண் முறை மாறிவிட்டது, தாளில் 70 என்றுதான் இருக்கும். ஆனால் பிளஸ் டூ மாணவர்கள் படித்ததோ பழைய புத்தகம். இப்போதுள்ள புத்தகத்தில் முதல் பொதுத்தேர்வு மார்ச் 2020-இல்தான் வந்தது. எனவே 70 மதிப்பெண் என்பதை மட்டும் பார்த்துவிட்டுப் பிரிண்ட் எடுத்தால் 2019 தாளில் பல கேள்விகள் புத்தகத்தில் இருக்காது. நேரத்தைப் பார்த்தால் புரிந்துவிடும். 2019 தாளில் இரண்டரை மணி நேரம் என்றிருக்கும், 2020 முதல் மூன்று மணி நேரம்.

தேடும்போதே இவற்றைத் தவிர்க்க, ஆண்டுகளை நேரடியாக எழுதிவிடுங்கள்:

```
tamilnadu 12th chemistry public question paper (2020 OR 2022 OR 2023 OR 2024) filetype:pdf
```

`new syllabus` என்ற சொல்லைச் சேர்ப்பதை நான் அதிகம் நம்புவதில்லை. ஒவ்வொரு தளமும் எந்தக் காலத்திலும் தன் தாளைப் புதிய பாடத்திட்டம் என்றே எழுதிவைக்கிறது.

தமிழில் தட்டினால் எதுவுமே வருவதில்லை

தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் தமிழில்தான் தேடுவார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் பி.டி.எஃப். கோப்புகளைப் பொறுத்தவரை தமிழ்ச் சொல் பல நேரம் போய்ச் சேருவதில்லை. இதற்கு இரண்டு காரணங்கள். எது என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

கையில் இருக்கும் ஏதாவது ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்து ஒரு வரியின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். எந்த எழுத்துமே தேர்வாகவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த தாள். கோப்புக்குள் இருப்பது படம் மட்டும்தான். படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் வேலையைத் தேடுபொறி சில நேரம் செய்கிறது என்றாலும், மங்கலான தமிழ் ஸ்கேனில் அதை நம்ப முடியாது. பொதுத்தேர்வுத் தாள்கள் பெரும்பாலும் இப்படித்தான் இணையத்துக்கு வருகின்றன: தேர்வு முடிந்ததும் யாரோ ஓர் ஆசிரியர் போனில் ஸ்கேன் செய்து ஏற்றிவிடுவார். அங்கே தேட இருப்பது கோப்பின் பெயரும், இணைப்பு இருக்கும் பக்கத்தின் எழுத்தும்தான். கோப்பின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். அதனால்தான் மேலே எல்லாத் தேடலையும் ஆங்கிலத்தில் கொடுத்திருக்கிறேன்.

எழுத்து தேர்வானால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒட்டிப் பாருங்கள். திரையில் "வேதியியல்" என்று தெரிந்தது ஒட்டியதும் `Ntjpapay;` என்று மாறினால், அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு. பாமினியில் ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவத்தை வரைந்திருப்பார்கள். நம் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துகள். பல ஆண்டுகளாக நம் ஆசிரியர்கள் கேள்வித்தாளும் நோட்ஸும் அடித்தது இப்படிப்பட்ட எழுத்துருக்களில்தான். யூனிகோடு தமிழில் "வேதியியல்" என்று தேடும்போது அந்தக் கோப்புகள் ஒன்றும் சிக்காது.

இதற்கு எங்கள் கடையில் ஒரு வழி வைத்திருக்கிறோம். அந்த ஆங்கில எழுத்தையே தேடிவிடுவது:

```
"Ntjpapay" 12 filetype:pdf
```

கடைசியில் உள்ள அரைப்புள்ளியை விட்டுவிடலாம், தேடுபொறி நிறுத்தக்குறிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. உயிரியலுக்கு `"capupay"`, கணிதத்துக்கு `"fzpjk"`. எல்லாச் சொல்லுக்கும் இது வேலை செய்யாது. பாமினியில் புள்ளி வைக்கும் இடமெல்லாம் அரைப்புள்ளி விழும். இயற்பியல் போல நடுவில் மெய்யெழுத்து வரும் சொற்கள் அந்த இடத்தில் இரண்டாக உடைந்துபோகும். நடுவில் புள்ளி இல்லாத சொல்லாகத் தேர்ந்தெடுப்பதுதான் சூட்சுமம். வேறு சொற்களுக்கு யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இருக்கின்றன, சொல்லை ஒட்டினால் விசைகளைக் கொடுத்துவிடும். வானவில் போன்ற வேறு எழுத்துருக்களில் விசை அமைப்பு வேறு, அங்கே இந்தச் சொற்கள் பொருந்தாது.

ஒட்டியது ஒழுங்கான தமிழாகவே வந்தால், தாராளமாகத் தமிழில் தேடலாம். அப்போது "கேள்வித்தாள்" என்பதைவிட "வினாத்தாள்" என்று தட்டுங்கள், ஆசிரியர்களும் அரசுத் தளங்களும் எழுதுவது அதைத்தான். யூனிகோடு கோப்புகளிலும் கொம்பு, இரட்டைக்கொம்பு போட்ட எழுத்துகள் சில நேரம் உடைந்து இடம் மாறியிருக்கும். அதனால் ஒரு தமிழ்ச் சொல்லில் கிடைக்காவிட்டால், கொம்பு இல்லாத இன்னொரு சொல்லை வைத்து முயலுங்கள்.

"தமிழ் மீடியம்" என்று சேர்த்ததும் தாள் காணாமல் போகிறது

பொதுத்தேர்வின் வேதியியல் தாள் தமிழ்வழிக்கும் ஆங்கிலவழிக்கும் ஒன்றுதான். ஒவ்வொரு வினாவும் இரண்டு மொழியிலும் அச்சாகியிருக்கும். அதனால் அதை ஏற்றுகிறவர் "தமிழ் மீடியம்" என்று எழுத வேண்டிய தேவையே இல்லை. நீங்கள் அந்தச் சொல்லைச் சேர்த்தால், தேவையான தாள் பின்னால் போய் நோட்ஸும் விடைக்குறிப்பும் முன்னால் வரும். வினாத்தாளுக்கு மீடியம் பெயரைச் சேர்க்காதீர்கள்.

நோட்ஸ், விடைக்குறிப்பு தேடும்போது மட்டும் அது அவசியம். அங்கே இரண்டு மீடியத்துக்கும் தனித்தனிக் கோப்பு இருக்கும். ஆசிரியர்கள் சுருக்கமாக `TM`, `EM` என்று எழுதுவார்கள்:

```
12th chemistry TM study material filetype:pdf
12th chemistry TM answer key public 2023 filetype:pdf
```

நோட்ஸ் தேடலில் பாட எண்ணைவிடப் பாடத்தின் பெயரே நம்பகமானது. நம் வேதியியல் புத்தகம் இரண்டு தொகுதி. முதல் தொகுதி ஏழாம் பாடமான வேதிவினை வேகவியலோடு முடிகிறது, இரண்டாம் தொகுதி எட்டாம் பாடமான அயனிச் சமநிலையில் தொடங்குகிறது. சிலர் இரண்டாம் தொகுதியை மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணிக் கோப்புக்குப் பெயர் வைத்துவிடுவார்கள். `chapter 1` என்று தேடி அயனிச் சமநிலை நோட்ஸ் வந்தால் காரணம் அதுதான். `ionic equilibrium`, `chemical kinetics` என்று பாடப் பெயரைத் தட்டினால் எண் குழப்பமே இல்லை. ஆனால் அந்தப் பெயர்கள் எல்லா வாரியத்துக்கும் பொது என்பதால் `tamilnadu` அல்லது `TM` கூடவே இருக்கட்டும்.

தேர்ச்சி பெறும் அளவுக்காவது படித்துவிட வேண்டும் என்று கடைசி நேரத்தில் வரும் பிள்ளைக்கு `minimum material` அல்லது `slow learners` என்ற சொல்லைச் சேர்த்துத் தேடித் தாருங்கள். மெல்லக் கற்போருக்காகத் தயாரித்த சிறு கையேடுகள் அந்தப் பெயர்களில்தான் இருக்கின்றன. இருநூறு பக்க நோட்ஸை அந்தப் பிள்ளை கையில் கொடுப்பது உதவி ஆகாது.

filetype:pdf போட்டதும் பூஜ்யம் முடிவுகள்

முதலில் முக்காற்புள்ளிக்குப் பின்னால் இடைவெளி விழுந்திருக்கிறதா பாருங்கள். போன் கீபோர்டு தானாகவே இடைவெளியைச் சேர்த்துவிடும். `filetype: pdf` என்றிருந்தால் கட்டளை வேலை செய்யாது, இரண்டும் வெறும் சொற்களாகிவிடும்.

இடைவெளி இல்லாமலும் வரவில்லை என்றால், தாள் தளத்தில் நேரடியாக இல்லை என்று பொருள். நம் கல்வித் தளங்களில் பாதிக்கு மேல் கோப்பைத் தங்களிடம் வைத்திருப்பதில்லை. கூகுள் டிரைவில் போட்டுவிட்டு இணைப்பை மட்டும் பக்கத்தில் கொடுக்கிறார்கள். டிரைவுக்குள் இருக்கும் கோப்பு பொதுத் தேடலில் பெரும்பாலும் வராது. `filetype:pdf` போட்டால் அந்த இணைப்பு இருக்கும் பக்கமும் மறைந்துபோகும், ஏனென்றால் பக்கம் பி.டி.எஃப். இல்லையே. கோப்பு வகையை எடுத்துவிட்டு `download` என்ற சொல்லைச் சேருங்கள், பக்கம் வரும், அதிலிருந்து டிரைவுக்குப் போகலாம். டிரைவ் திறந்து அனுமதி கேட்டால் காத்திருக்க வேண்டாம். பகிர்ந்தவர் பூட்டிவைத்திருக்கிறார், அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.

அப்படிப்பட்ட பக்கங்களில் பெரிய பச்சைப் பொத்தான் ஒன்று டவுன்லோடு என்று மின்னும். அது பெரும்பாலும் விளம்பரம். உண்மையான இணைப்பு பாடப் பெயரோடு சாதாரண எழுத்தில் கீழே இருக்கும். இறங்கும் கோப்பின் பெயர் `.pdf` என்று முடிய வேண்டும். `.apk` என்று முடிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். அது செயலி, அப்பாவின் போனில் வங்கிக் கணக்கு இருந்தால் ஆபத்து.

அரசுத் தளங்களுக்குள் மட்டும் தேட வேண்டுமென்றால் இப்படி:

```
site:tn.gov.in chemistry question paper filetype:pdf
```

இதில் வருவது குறைவாகவே இருக்கும், ஆனால் வந்தது அரசுத் தளத்திலிருந்து வந்தது என்ற தெளிவு உண்டு. பாடப்புத்தகம் வேண்டுமானால் தேடவே வேண்டாம், நேராக `textbookcorp.tn.gov.in` போய்விடலாம்.

இறங்கிய கோப்பு திறக்கவில்லை

ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை கூடலூர் மழையில் சிக்னல் வந்து வந்து போகும். கோப்பு பாதியில் அறுந்து இறங்கியிருக்கும், திறந்தால் பிழை காட்டும். கோப்பின் அளவைப் பாருங்கள். ஸ்கேன் செய்த பல பக்கத் தாள் சில கேபி மட்டும் இருந்தால் அது தாளே இல்லை, பிழைச் செய்தி காட்டும் வலைப்பக்கம் பி.டி.எஃப். பெயரில் இறங்கியிருக்கிறது. அதை அழித்துவிட்டு, இணைப்பை மறுபடி திறந்து இறக்குங்கள். பழையதை அழிக்காவிட்டால் அதே பெயரில் இரண்டு கோப்பு சேர்ந்து, எது நல்லது என்று தெரியாமல் போகும்.

நல்லபடியாக இறங்கியதும் பெயரை மாற்றிவிடுங்கள். `document(3).pdf` என்று போனில் கிடந்தால் தேர்வுக்கு முந்தின நாள் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பாடம், ஆண்டு, மாதம், தேர்வு என்ற வரிசையில் `chemistry-2022-may-public.pdf` என்று வைத்தால், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டபின் மற்ற பிள்ளைகளும் `chemistry` என்று தட்டியே எடுத்துக்கொள்வார்கள்.